கடைசி வரியில் நிற்பவர்கள்

ஹைபிரிட் வேலைமுறை பற்றி ஒரு நிறுவனம் சர்க்குலர் அனுப்பினால், அதை எல்லோரும் ஒரே மாதிரி படிப்பதில்லை. கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் முதல் பத்தியைப் படிக்கிறார்கள். வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும், எந்தெந்தக் கிழமை என்பது அவர்களுக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஸ்டோர்ஸில் நிற்பவரும் டெஸ்டிங் லேபில் இருப்பவரும் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பவரும் கடைசி வரியைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அங்கே எழுதியிருப்பது இதுதான்: “பணியின் தன்மை காரணமாகக் கீழ்க்கண்ட பிரிவினருக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.”

அந்த வரியில் பொய் இல்லை. லாரியில் வந்த சரக்கை வீட்டிலிருந்து இறக்க முடியாது. ஆனால் “உங்களுக்கு இது கிடையாது” என்பதோடு அறிவிப்பு முடிந்துவிட்டால், “எங்களுக்கு என்ன உண்டு?” என்ற அடுத்த கேள்விக்குப் பதிலே இல்லாமல் போகிறது. நல்ல ஹைபிரிட் அறிவிப்பு அந்தக் கேள்விக்கும் அதே தாளில் பதில் சொல்லும். எப்படிச் சொல்வது என்பதை ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

ஆங்கர் நாள் ஏன் வேண்டும்?

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதன் அலுவலக வளாகத்தில் 120 பேர். டிசைன், மென்பொருள், கணக்கு, கொள்முதல், விற்பனை ஆகிய பிரிவுகளில் இருக்கும் 80 பேருக்கு வீட்டிலிருந்தும் வேலை ஓடும். மீதி 40 பேருக்கு ஓடாது. டெஸ்டிங் லேபில் 12 பேர், ஸ்டோர்ஸில் 8 பேர், கணினிப் பராமரிப்பில் 4 பேர், ரிசப்ஷனிலும் நிர்வாகத்திலும் 4 பேர், கேன்டீனில் 6 பேர், செக்யூரிட்டியிலும் துப்புரவிலும் 6 பேர். வாரத்துக்கு ஐந்து வேலை நாள்.

அந்த 80 பேரிடம் “வாரத்தில் ஏதாவது மூன்று நாள் வாருங்கள்” என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கேட்க நன்றாக இருக்கும், கணக்குப் போட்டால் உதைக்கும். ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவில் ஒவ்வொருவரும் அவரவர் வசதிக்கு மூன்று நாளைத் தேர்ந்தெடுத்தால், குறிப்பிட்ட ஒரு நாளில் ஐவரும் சேர்ந்து இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு எட்டுதான். மாதத்தில் 20 வேலை நாள் என்றால், ஐவரும் ஒன்றாக உட்காருவது ஒன்றரை நாள். குழுவில் எட்டுப் பேர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு நாள் கூடினாலே அதிகம். ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து இறங்கியவர், பக்கத்து மேசைக்காரர் வீட்டில் இருப்பதால் அவரோடு வீடியோவில் பேசிவிட்டுத் திரும்பிப் போவார்.

இதைத் தடுக்கத்தான் ஆங்கர் நாள். நங்கூரம் போட்டதுபோல அசையாத நாள். அன்று அந்தக் குழுவில் உள்ள எல்லோரும் வந்தாக வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2022 செப்டம்பரில் தன் அலுவலக ஊழியர்களுக்கு இப்படித்தான் வகுத்தது. செவ்வாயும் வியாழனும் எல்லோருக்கும் பொது. மூன்றாவது நாளை அந்தந்தக் குழு முடிவு செய்துகொள்ளலாம்.

அதற்காக வீட்டிலிருக்கும் நாள்களை வீண் என்று நினைக்க வேண்டாம். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களை வைத்து ஆறு மாதம் ஒரு சோதனை நடந்தது. ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படைத் தேதியில் பிறந்தவர்கள் மறுபக்கம் என்று பிரித்து, ஒரு பக்கத்தாருக்கு மட்டும் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி தந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வு 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வீட்டு நாள் கிடைத்தவர்களிடையே வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வேலைத்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் தெரியவில்லை. வேலையில் நிலைத்தவர்களில் நெடுந்தொலைவிலிருந்து வருபவர்கள் முக்கியமானவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்த வசதியின் சாரமே மிச்சமாகும் பயண நேரம்தான்.

நாள் குறிப்பதில் தொடங்கும் அநீதி

நமது பம்ப் நிறுவனத்தின் எச்.ஆர். மேலாளர் முதல் வரைவில், 80 பேருக்கும் செவ்வாய், புதன் என்ற இரண்டையும் ஆங்கர் நாளாக்கி, மூன்றாவது நாளை அவரவர் விருப்பத்துக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் எளிமையான திட்டம். வரைவைப் படித்த ஸ்டோர்ஸ்காரர் ஒருவர் வந்து கேட்கிறார்: “ஏனுங்க மேடம், செவ்வாயும் புதனும் எல்லாரும் வர்றாங்கன்னா, அன்னிக்கு எங்களுக்கு லீவு கெடையாதுங்களா?”

இந்த ஒரு கேள்வியில் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. அலுவலகம் நிரம்பும் நாளில் கேன்டீனில் 120 பேருக்குச் சாப்பாடு. கணினிப் பராமரிப்பு மேசையில் வரிசை நிற்கும். பார்க்கிங்கில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. டிசைன்காரர்கள் எல்லோரும் அன்றைக்கே மாதிரி பம்பை டெஸ்ட் பெட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பார்கள். யாரும் தடை போடாமலேயே, செவ்வாயும் புதனும் இந்த 40 பேருக்கு விடுப்பு எடுக்க முடியாத நாள்களாகிவிடும். வீட்டிலிருக்கும் வசதி ஒரு பக்கத்துக்குக் கிடைக்கிறது, அதற்கான வேலைச்சுமை மறுபக்கத்தில் போய் இறங்குகிறது.

அதனால் ஆங்கர் நாளைக் குறிக்கும்போது, எந்தக் குழு எந்தக் குழுவோடு சேர்ந்து வேலை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டிசைனுக்கும் மென்பொருளுக்கும் தினமும் பேச்சு உண்டு. கணக்கு, கொள்முதல், விற்பனை மூன்றும் ஒன்றை ஒன்று சார்ந்தவை. ஆகவே 40 பேர் கொண்ட முதல் பிரிவுக்குச் செவ்வாய், வியாழன். 40 பேர் கொண்ட இரண்டாம் பிரிவுக்குத் திங்கள், புதன். மூன்றாவது நாளை அவரவர் முன்பதிவு செய்து தேர்ந்தெடுக்கலாம், ஒரு நாளைக்கு 60 இருக்கைதான் என்ற வரம்போடு.

மூன்றாவது நாள்கள் சமமாகப் பரவினால், திங்கள் முதல் வியாழன் வரை தினமும் 56 பேர், வெள்ளியன்று 16 பேர். பழைய திட்டத்தில் இரண்டு நாள் 80 பேரும், மற்ற மூன்று நாளில் சராசரியாக 27 பேரும் வந்திருப்பார்கள். இப்போது கேன்டீனில் தினமும் 96 சாப்பாடு, வெள்ளிக்கு 56. முன்கூட்டியே கணக்கிட்டுச் சமைக்கலாம். நெரிசல் நாள் என்று ஒன்று இல்லாததால், லீவு கிடையாத நாள் என்றும் ஒன்று இல்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. டிசைன்காரரும் கொள்முதல்காரரும் ஒரே நாளில் சந்திப்பது தானாக நடக்காது. அந்தச் சந்திப்புக்காக அவர்களில் சிலர் தங்கள் மூன்றாவது நாளைச் செலவிட வேண்டியிருக்கும். அறிவிப்பில் இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

பதவியைப் பார்க்காமல் வேலையைப் பாருங்கள்

“இந்தப் பிரிவுக்குப் பொருந்தாது” என்று பட்டியல் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பிரிவினர் இரண்டு வாரம் என்னென்ன செய்கிறார்கள் என்று அவர்களையே எழுதச் சொல்ல வேண்டும். ஸ்டோர்ஸ்காரர் என்றாலே பெட்டி தூக்குபவர் என்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் எண்ணம். பில்லையும் வந்து சேர்ந்த சரக்கின் ரசீதையும் ஒத்துப் பார்ப்பது, இருப்பு அறிக்கை தயாரிப்பது ஆகியவையும் அவருடைய வேலைதான். இரண்டு வாரத்தின் 80 மணி நேரத்தில் அவை 8 மணி நேரம் பிடிக்கும் என்றால், அவற்றை ஒரே நாளில் சேர்த்து, அந்த நாளை வீட்டிலிருந்து செய்ய விடலாம். லேப் ஊழியர் பம்பை ஓட்டி அளவெடுக்கும்போது நின்றுதான் ஆக வேண்டும். எடுத்த அளவுகளை அறிக்கையாக எழுதுவதற்கு நிற்கத் தேவையில்லை.

இதற்கு ஒரு லேப்டாப்பும், நிறுவனத்தின் கணக்கு மென்பொருளுக்குள் வெளியிலிருந்து நுழையும் அனுமதியும் வேண்டும். பல இடங்களில் தடை இங்கேதான் இருக்கிறது. வேலையின் தன்மை இடம் கொடுக்கும், லேப்டாப் பட்டியல் இடம் கொடுக்காது. அப்படியானால் அறிவிப்பில் “பணியின் தன்மை” என்று எழுதுவது சரியில்லை.

இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகும் ரிசப்ஷனிஸ்ட், சமையல்காரர், காவலர் போன்றவர்கள் மிஞ்சுவார்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து செய்ய ஒரு மணி நேர வேலைகூட இருக்காது. அவர்களை எண்ணித்தான் சிங்கப்பூரின் அணுகுமுறையைக் கவனிக்க வேண்டும்.

இடம், நேரம், அளவு

அரசும் தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டுநெறிகள் சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. நெகிழ்வு என்பதை அவை மூன்றாகப் பிரிக்கின்றன. எங்கிருந்து வேலை செய்கிறோம் என்பது ஒன்று. எந்த நேரத்தில் செய்கிறோம் என்பது இரண்டாவது. எவ்வளவு வேலையை ஏற்கிறோம் என்பது மூன்றாவது. தகுதிகாண் காலம் முடித்த எந்த ஊழியரும் இவற்றில் ஒன்றைக் கேட்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் தொழில் சார்ந்த காரணம் காட்ட வேண்டும்.

இந்தப் பிரிப்பு வந்ததும் பேச்சே மாறிவிடுகிறது. இடத்தை மாற்ற முடியாதவருக்கு நேரத்தை மாற்றித் தரலாமா என்று கேட்க வழி பிறக்கிறது. நம்மூர் அறிவிப்புகள் பெரும்பாலும் இடத்தை மட்டும் பேசி நின்றுவிடுகின்றன.

நேரத்தைத் தருவது என்றால் என்ன? முதலாவது, எந்த நாளில் எந்த ஷிப்ட் என்பது முன்கூட்டியே தெரிவது. அமெரிக்காவில் கேப் துணிக்கடைகளில் சான் ஃபிரான்சிஸ்கோ, சிகாகோ பகுதிகளின் 28 கடைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு அது. வேலை அட்டவணையை இரண்டு வாரம் முன்பே தருவது, ஷிப்ட் தொடங்கி முடியும் நேரத்தை நிலையாக வைப்பது, ஊழியர்களே தங்களுக்குள் செயலி வழியாக ஷிப்ட் மாற்றிக்கொள்வது போன்ற ஏற்பாடுகளைச் செய்து பார்த்தார்கள். அவற்றைச் செய்த கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. அட்டவணை கடைசி நேரத்தில் குலைவதற்கு வாடிக்கையாளர்களே காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் சரக்கு வரும் நாள் பற்றிய தவறான தகவல், திடீரென மாறும் தள்ளுபடித் திட்டம், மேலதிகாரிகளின் வருகை என்று தலைமை அலுவலகத்திலிருந்து வந்த காரணங்கள் நிறைய இருந்தன. நமது பம்ப் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். டிசைன் பிரிவு செவ்வாய் காலை வந்து “இன்றே டெஸ்ட் எடுங்கள்” என்று சொன்னால், லேப் ஊழியரின் மாலை நேரம் அத்தோடு போய்விடும். அதனால் ஆங்கர் நாள் சோதனைகளை முந்தைய வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியையும் அதே அறிவிப்பில் எழுத வேண்டும். வீட்டு நாள் என்ற வசதியைப் பெற்றவர்கள் அதற்கு ஈடாக ஏற்கும் கடமை அது.

ஈடு கட்டினால் எவ்வளவு மிஞ்சும்?

இரண்டாவது வழி, பதினைந்து நாளுக்கு ஒன்பது நாள் வேலை. இரண்டு வாரத்தின் 80 மணி நேரத்தைப் பத்து நாளுக்குப் பதில் ஒன்பது நாளில் முடித்தால், ஒரு நாளைக்கு 8 மணி 53 நிமிடம் வேலை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 9 மணி நேர எல்லைக்குள் இது வந்தது. பத்தாவது நாள் ஓய்வு. நேரடி ஊழியர்கள் 28 பேருக்கும் இப்படித் தந்தால், ஒரு நாளில் சுமார் மூன்று பேர் ஓய்வில் இருப்பார்கள். எல்லோரும் வெள்ளிக்கிழமையையே கேட்பார்கள். ஆகவே ஓய்வு நாள் சுழற்சி முறையில் வர வேண்டும். ரிசப்ஷன் போன்ற சிறிய இடங்களில் ஒருவர் இல்லாதபோது இன்னொருவர் பார்த்துக்கொள்ள முன்கூட்டியே பயிற்சி தர வேண்டும். இதைச் செய்யாமல் திட்டத்தை மட்டும் அறிவித்தால், ஒருவர் ஓய்வெடுக்கும் நாளில் மற்றவர் சாப்பிடப் போக முடியாமல் உட்கார்ந்திருப்பார்.

இது ஈடாகுமா என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். போக வர ஒன்றரை மணி நேரம் பயணம் என்று வைப்போம். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருப்பவருக்கு நான்கு வாரத்தில் 12 மணி நேரம் மிச்சம். ஒன்பது நாள் திட்டத்தில் இருப்பவருக்கு இரண்டு நாள் பயணம், அதாவது 3 மணி நேரம் மிச்சம். ஸ்டோர்ஸ்காரருக்கு பில் பார்க்கும் வீட்டு நாள்களும் கிடைத்தால் 6 மணி. இடைவெளி குறைகிறதே தவிர மூடவில்லை.

மீதியைப் பணமாகவோ விடுப்பாகவோதான் தர முடியும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் வாய்ப்பை, அமெரிக்க ஊழியர்கள் சராசரியாக 8 சதவீதச் சம்பள உயர்வுக்குச் சமமாக மதிப்பதாக புளூம் குழுவினரின் கணக்கெடுப்புகள் காட்டின. அதே விகிதத்தை இங்கே வைத்துப் பார்த்தால், 30,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு மாதம் 2,400 ரூபாய். ஊருக்கு ஊர் இந்த எண் மாறும். ஆனால் ஹைபிரிட் அறிவிப்பு என்பது, சம்பளப் பட்டியலில் ஏறாத ஓர் ஊதிய உயர்வை ஒரு பகுதியினருக்கு மட்டும் தரும் செயல் என்பது இதிலிருந்து விளங்கும். ஐந்து நாளும் வருபவர்களுக்கு மாதம் எட்டு நாள் கூடுதல் பயணத்தின் செலவைப் படியாகத் தருவது இதில் மிகக் குறைந்தபட்ச நியாயம்.

கேன்டீன், செக்யூரிட்டி, துப்புரவு ஆகியவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். அறிவிப்பு அவர்கள் பெயரைச் சொல்லவே சொல்லாது. அவர்களின் ஷிப்டை ஒப்பந்ததாரர்தான் போடுகிறார். ஆனால் அட்டவணையை இரண்டு வாரம் முன்பே தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகச் சேர்க்க நிறுவனத்தால் முடியும். வருகைக் கணக்கை முன்கூட்டியே அவருக்குத் தராவிட்டால் அந்த நிபந்தனை வெறும் எழுத்தாக நின்றுவிடும். 56 பேரா 16 பேரா என்று தெரிந்தால்தான் அவரால் ஆள் ஒதுக்க முடியும்.

எங்கே இடறும்?

அறிவிப்புக்குப் பிறகு திட்டம் பெரும்பாலும் விதிவிலக்கில் இடறுகிறது. ஒரு மேலாளர் தன் குழுவை ஆங்கர் நாளிலும் வீட்டில் இருக்க விடுகிறார். இன்னொருவர் மூன்றை ஐந்தாக்குகிறார். ஆகவே விதிவிலக்கு யார் தருவார், எத்தனை நாளைக்கு, எங்கே பதிவாகும் என்பதை எழுதிவைக்க வேண்டும். ஆங்கர் நாளில் பண்டிகை விடுமுறை வந்தால், அந்த வாரம் அந்த நாள் வேறு கிழமைக்கு நகராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகர்த்தினால் 60 இருக்கைக் கணக்கும் கேன்டீன் கணக்கும் ஒன்றாகக் குலையும்.

அடுத்து, கூட்டம் போடும் நேரம். எல்லோருக்குமான கூட்டத்தை ஆங்கர் நாளில் மாலை நான்கு மணிக்கு வைத்தால், காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்குக் கிளம்பும் லேப் ஊழியர்கள் அதில் இருக்க மாட்டார்கள். வாரம் முழுக்க அலுவலகத்திலேயே இருப்பவர்களுக்கு அலுவலகச் செய்தி கடைசியாகப் போய்ச் சேரும்.

திட்டம் நியாயமாக நடக்கிறதா என்று அறிய மூன்று மாதம் கழித்து மூன்றை எண்ணினால் போதும். ஒரு வாரத்துக்கும் குறைவான முன்னறிவிப்பில் எத்தனை ஷிப்ட் மாற்றப்பட்டது? ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது? அந்த 40 பேரில் எத்தனை பேர் வேலையை விட்டார்கள் அல்லது அலுவலகப் பிரிவுக்கு மாற்றம் கேட்டார்கள்? முதல் இரண்டு எண்கள் ஏறினால், மூன்றாவது எண் ஏறும்வரை காத்திருக்கக் கூடாது.

பம்ப் நிறுவனத்தின் எச்.ஆர். மேலாளர் இவற்றையெல்லாம் வைத்து இரண்டாவது வரைவை எழுதினால், அதன் முதல் பத்தி இப்படி இருக்கலாம்: “ஆறு வாரம் கழித்துத் தொடங்கும் புதிய ஏற்பாட்டில் 80 பேர் தங்கள் வேலையிடத்தில் நெகிழ்வு பெறுகிறார்கள், 28 பேர் தங்கள் வேலை நேரத்தில் நெகிழ்வும் பயணப்படியும் பெறுகிறார்கள். ஒப்பந்த ஊழியர்கள் 12 பேர் உட்பட 40 பேரின் அட்டவணையும் இரண்டு வாரம் முன்பே தரப்படும். எந்தப் பிரிவின் ஆங்கர் நாளும் மற்றவர் விடுப்பு எடுப்பதற்குத் தடையாகாது.”

கடைசி வாக்கியம் ஸ்டோர்ஸ்காரரின் கேள்விக்கான பதில். அதைத் தேடி அவர் தாளின் அடிவரைக்கும் போக வேண்டியதில்லை.